கண்டனம் போதும், வாசகம் கொடுங்கள்

"வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்ற வரியை எந்தச் சட்டத்திலும் எந்த விதியிலும் சேர்க்க முடியாது. அரசு ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது நம் தோழர்கள் அனுப்புவதில் பெரும்பகுதி அந்த ஒரு வரிதான்.

2025 பிப்ரவரி 27 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான வரைவு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 2012இலேயே இப்படி ஒரு ஒழுங்குமுறை இருந்தது. அது காகிதத்தில் மட்டுமே இருக்கிறது என்று சொல்லி ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகாவும் பாயல் தட்வியின் தாய் அபேதாவும் 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கின் அழுத்தத்தில்தான் புதிய வரைவு வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள் ஐந்தாறு ஆண்டுகள் போராடியதால் நமக்குக் கிடைத்த ஒரு மாத அவகாசம் அது. அந்த ஒரு மாதத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றியவை பெரும்பாலும் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி அனுப்ப வேண்டிய மாதிரிக் கடிதங்கள். அம்பேத்கர், பெரியார், "சமூகநீதியைக் காப்போம்", கையொப்பம். எந்தப் பிரிவில் எந்தச் சொல் நமக்கு ஆபத்து என்பது அவற்றில் இல்லை.

2026 ஜனவரி 13 அன்று இறுதி ஒழுங்குமுறை அறிவிக்கையானது. வரைவில் விடுபட்டிருந்த இதர பிற்படுத்தப்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பொய்ப் புகாருக்கு அபராதம் என்று வரைவில் இருந்த பிரிவு நீக்கப்பட்டது. உடனே வடக்கே போராட்டம் வெடித்தது, வழக்குகள் போடப்பட்டன. ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஒழுங்குமுறையை நிறுத்தி வைத்து, அதுவரை 2012 விதியே தொடரட்டும் என்றது. வாசகங்கள் தெளிவில்லாமல் இருக்கின்றன, தவறாகப் பயன்படுத்த இடம் தருகின்றன என்பது அமர்வு சொன்ன காரணம்.

எதிர்த்தவர்களின் நோக்கம் நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் எதைப் பிடித்துத் தொங்கினார்கள் என்று பாருங்கள். ஒரு வரையறை, ஒரு சொல், ஒரு விடுபடல். அவர்கள் முழக்கத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகவில்லை, பிரிவு எண்ணைக் கொண்டு போனார்கள். இந்த ஒழுங்குமுறை திருத்தி எழுதப்படும் நாளில் நம் கையிலும் பிரிவு எண் இருக்க வேண்டும். அதற்காக எங்கள் வாசிப்புக் குழு மாணவர்களோடு உட்கார்ந்து தயாரித்து வைத்திருக்கும் நான்கு கருத்துகளை இங்கே தருகிறோம். அப்படியே நகலெடுத்து அனுப்பாதீர்கள். எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, உங்கள் கல்லூரியில் நடப்பதைக் காரணப் பகுதியில் சேர்த்து எழுதுங்கள்.

முதலில் வடிவம். கருத்துகள் ஒரு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பொதுவாக அங்கே ஒருவர் அவற்றைப் பிரிவு வாரியாக அடுக்குவார். பிரிவு எண் இல்லாத கடிதம் "பொதுவான கருத்துகள்" என்ற மூட்டைக்குள் போகும். அந்த மூட்டைக்குப் பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆகவே ஒவ்வொரு கருத்துக்கும் எண் போடுங்கள். அதன் கீழே பிரிவு எது, இப்போது என்ன எழுதியிருக்கிறது, அதற்குப் பதில் என்ன எழுத வேண்டும், ஏன் என்று வரிசையாக எழுதுங்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தன் ஆலோசனை அறிக்கைகளின் முடிவில் இந்த வடிவத்தில் அட்டவணையே போட்டுக் கொடுக்கிறது. பணம் புழங்கும் இடத்தில் குடிமக்களின் கருத்தைச் சேகரிக்கும் முறை அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. நம் பிள்ளைகளின் உயிர் புழங்கும் இடத்தில் அட்டவணையை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கருத்து 1. பிரிவு 3(சி), சாதியப் பாகுபாட்டின் வரையறை

இப்போதுள்ள வாசகம் (எங்கள் தமிழில்): பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு எதிராக, சாதி அல்லது பழங்குடி என்ற அடிப்படையில் மட்டும் காட்டப்படும் பாகுபாடு.

பரிந்துரைக்கும் வாசகம்: "மட்டும்" என்பதை நீக்குக. "சாதி அல்லது பழங்குடி என்ற அடிப்படையில், முழுமையாகவோ பகுதியாகவோ, தனியாகவோ பாலினம், மதம், மாற்றுத்திறன், பிறந்த இடம், மொழி முதலிய பிற காரணங்களோடு சேர்ந்தோ, நோக்கத்திலோ விளைவிலோ நிகழும் பாகுபாடு" என்று மாற்றுக. பொதுவான பாகுபாட்டை வரையறுக்கும் பிரிவு 3(இ)யிலும் இதே "மட்டும்" இருக்கிறது. அதையும் நீக்குக.

காரணம்: இந்த ஒரு சொல் என்ன செய்யும் என்பதை ஒரு புகாரை வைத்துப் பார்ப்போம். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு தலித் மாணவி என்று வைத்துக்கொள்ளுங்கள். நெறியாளர் மற்ற மாணவர்களின் இயல்களை இரண்டு வாரத்தில் படித்துக் கையெழுத்துப் போடுகிறார். இவளுடைய இயல் ஐந்து மாதமாக அவர் மேசையில் கிடக்கிறது. நடுவில் ஒருநாள், "உங்க ஆளுங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப் வருதே, என்ன அவசரம்?" என்கிறார். மாணவி புகார் கொடுக்கிறாள். விசாரணையில் நெறியாளர் அவளுடைய பக்கங்களை எடுத்து வைக்கிறார். இங்கே ஆங்கிலம் சரியில்லை, இங்கே மேற்கோள் முறை சரியில்லை, அதனால்தான் தாமதம் என்கிறார். பக்கங்களில் பிழை இருப்பதும் உண்மைதான். மற்ற மாணவர்களின் பக்கங்களிலும் அதே பிழைகள் இருந்தன என்பது வேறு கதை.

இப்போது வரையறைக்கு வாருங்கள். தாமதத்துக்குச் சாதி "மட்டும்" காரணமா? இல்லை, ஆங்கிலமும் ஒரு காரணம். புகார் தள்ளுபடி. படித்த சாதி இந்துவுக்கு வேறொரு காரணம் எப்போதும் கைவசம் இருக்கும். தகுதி, நடத்தை, வருகைப் பதிவு, "ஆட்டிட்யூட்". முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களிடம் அப்படிப்பட்ட காரணத்தைக் கண்டுபிடிப்பது மிகவும் எளிது. "மட்டும்" என்ற சொல் அந்தக் காரணத்துக்குச் சட்டத் தகுதி கொடுக்கிறது.

இந்தச் சொல்லை வரைவாளர் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில் அது இருக்கிறது. அங்கிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அங்கேயே அது என்ன வேலை செய்தது என்பதற்கு 1981 நர்கேஷ் மிர்சா வழக்கு சாட்சி. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களை ஆண் ஊழியர்களிலிருந்து வேறாக நடத்திய பணி விதிகளைப் பற்றிய வழக்கு அது. பாலினத்தோடு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தால் அது பாலினத்தின் அடிப்படையில் மட்டும் நடந்த பாகுபாடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் நவ்தேஜ் ஜோஹர் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இந்த வாசிப்பை விமர்சித்தார். ஆனாலும் ஒரு கல்லூரியின் விசாரணைக் குழு 2018 தீர்ப்பைத் தேடிப் படிக்கும் என்று நம்பி நாம் இருக்க முடியாது. அவர்கள் தங்கள் முன் இருக்கும் விதியைத்தான் படிப்பார்கள்.

இப்படி ஒரு சொல்லை மாற்றச் சொல்வது புதிதல்ல என்பதையும் காரணத்தில் எழுத வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(5) பிரிவில், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் "என்ற காரணத்துக்காக" குற்றம் நடந்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தச் சொற்களில் சிக்கிப் பல வழக்குகளில் அந்தப் பிரிவு விழுந்தது. பாராளுமன்றம் அதை, பட்டியல் சாதியினர் "என்று அறிந்தே" செய்வது என்று திருத்தியது. 2016 ஜனவரி 26 முதல் அந்தத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. பாராளுமன்றமே ஒரு முறை அடைத்த ஓட்டையை யுஜிசி மறுபடி திறக்கிறது என்று எழுதுங்கள். வரைவாளருக்கு இப்படி எடுத்துக்காட்டு கொடுத்தால் மறுப்பதற்கு அவரும் ஒரு காரணம் எழுதியாக வேண்டும்.

3(இ)யையும் சேர்த்துச் சொல்லியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே விதியில் ஓரிடத்தில் "மட்டும்" இருந்து இன்னோரிடத்தில் இல்லாமல் போனால், அந்த வேறுபாடு வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று நாளைக்கு ஒரு வழக்கறிஞர் வாதிடுவார். ஒரு சொல்லைத் தொட்டால் அது வரும் எல்லா இடத்தையும் தேடித் தொட வேண்டும். கணினியில் இதைத் தேட ஒரு நிமிடம்.

இதே வரையறையில் இன்னொரு பலவீனம் உண்டு. தடை விதித்தபோது உச்ச நீதிமன்றம் எழுப்பிய கேள்விகளில் ஒன்று இது: எல்லாப் பாகுபாட்டையும் 3(இ) அடக்கிவிடுகிறதே, சாதியப் பாகுபாட்டுக்குத் தனி நடைமுறை எதுவும் இல்லாதபோது 3(சி) எதற்கு? கேள்வி நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் வரைவாளர் விட்ட இடம் அது. ஒரு தனி வரையறை எழுதினால் அதிலிருந்து ஒரு தனிக் கடமை பிறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம், எதிராளிக்கு எளிய இலக்கு. அந்தக் கடமையை நாம் எழுதிக் கொடுக்கிறோம்: "பிரிவு 3(சி)யின் கீழ் வரும் புகாரில், அதே துறையில் அதே நிலையிலுள்ள பிற மாணவர்களை நிறுவனம் நடத்திய விதத்தைக் காட்டும் ஆவணங்களை ஐந்து வேலை நாட்களுக்குள் குழுவின் முன் வைக்க வேண்டும். வைக்கத் தவறினால் புகார்தாரருக்குச் சாதகமான ஊகத்தைக் குழு மேற்கொள்ளலாம்." குழு தன் அறிக்கையை 15 வேலை நாட்களில் தர வேண்டும் என்று விதி சொல்வதால் ஐந்து நாள் என்று வைத்தோம். மேலே சொன்ன மாணவியின் கதையில் மற்ற ஆய்வாளர்களின் இயல்கள் எந்தத் தேதியில் வந்தன, எந்தத் தேதியில் கையெழுத்தாயின என்ற பட்டியல் மேசைக்கு வந்துவிட்டால் ஆங்கிலப் பிழை பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கருத்து 2. பிரிவு 7(டி), "பிரித்துவைத்தல்"

விடுதி, வகுப்பறை, வழிகாட்டிக் குழு முதலியவற்றுக்காகச் செய்யும் தேர்வு, பிரித்துவைத்தல், ஒதுக்கீடு எதுவும் வெளிப்படையாகவும் நியாயமாகவும் பாகுபாடின்றியும் இருக்க வேண்டும் என்கிறது இந்தப் பிரிவு. மறுபடி படியுங்கள். பிரித்துவைத்தல் பாகுபாடின்றி இருக்க வேண்டுமாம்! ஊருக்கு வெளியே சேரி எப்படி நியாயமாக அமைக்கப்பட வேண்டும் என்று விதி எழுதுவது போல இருக்கிறது.

பரிந்துரை: "பிரித்துவைத்தல்" என்ற சொல்லை நீக்குக. "சாதி, பழங்குடி, மதம் அல்லது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணின் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனியாகப் பிரித்துவைப்பது தடைசெய்யப்படுகிறது" என்ற வாக்கியத்தைச் சேர்க்க.

நுழைவுத் தேர்வு மதிப்பெண் ஏன் என்று கேட்பீர்கள். தொழிற்கல்வி நிறுவனங்களில் தரவரிசைப்படி அறையும் வகுப்புப் பிரிவும் ஒதுக்கினால், சாதியின் பெயரைச் சொல்லாமலே ஒதுக்கீட்டு மாணவர்கள் ஒரு மாடியில் சேர்ந்துவிடுவார்கள். "விளைவிலோ" என்று முதல் கருத்தில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

2012 விதியை இங்கே மேற்கோள் காட்டுங்கள். அது விடுதியிலும் உணவுக் கூடத்திலும் வாசிப்பறையிலும் மாணவர்களைப் பிரிப்பதை வெளிப்படையாகத் தடுத்தது. வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லி அழைப்பது, "ரிசர்வ்டு கேட்டகரி" என்று முத்திரை குத்துவது, குறைந்த மதிப்பெண்ணுக்குச் சாதியைக் காரணம் காட்டிப் பேசுவது, உதவித்தொகையை நிறுத்தி வைப்பது என்று அந்த விதியில் ஒரு நீண்ட பட்டியலே இருந்தது. புதிய விதியில் அந்தப் பட்டியல் போய், "நியாயமற்ற, வேறுபட்ட, சார்பான நடத்தை" என்ற பொதுச் சொற்கள் வந்திருக்கின்றன. பொதுச் சொல்லைப் பொருள் கொள்ளும் அதிகாரம் குழுவின் கையில் இருக்கிறது. பட்டியல் இருந்தால் மாணவர் ஒரு வரியைச் சுட்டி இதுதான் எனக்கு நடந்தது என்று சொல்லலாம். ஆகவே இந்தக் கருத்தின் இரண்டாம் பகுதி: 2012 விதியின் பட்டியலை முழுமையாக மீண்டும் சேர்க்க. அதன் தலையில் "இவை உள்ளிட்ட, ஆனால் இவை மட்டுமே அல்லாத" என்று எழுதுக. இந்த "மட்டுமே" நமக்கு வேண்டியது. இல்லாவிட்டால் பட்டியலில் இல்லாத கொடுமை கொடுமையே அல்ல என்றாகிவிடும்.

கருத்து 3. பொய்ப் புகார்

இறுதி விதியில் இந்தப் பிரிவு இல்லை. ஆனால் அது திரும்பி வர வேண்டும் என்று கேட்கிறார்கள், வந்தாலும் வரும். இதில்தான் மாற்று நிலைப்பாடு எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் கோரிக்கை: இப்படி ஒரு பிரிவு வேண்டவே வேண்டாம். விசாரிக்கும் குழுவே அபராதமும் விதிக்கும் என்றால், விடுதிக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டும் மாணவர் புகார் எழுதும் முன் கணக்குப் பார்ப்பார். "தவறாகப் பயன்படுத்துகிறார்கள்" என்ற வாதத்தை வைத்து 2018 மார்ச்சில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பு என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். பாராளுமன்றம் அதே ஆண்டு 18ஏ பிரிவைச் சேர்த்தது. உச்ச நீதிமன்றமே 2019 அக்டோபர் 1 அன்று அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது.

இரண்டாம் கோரிக்கை, முதலாவது ஏற்கப்படாவிட்டால்: "புகாரை நிரூபிக்க இயலாமை அல்லது போதிய சான்று தர இயலாமை மட்டுமே புகார்தாரர் மீது நடவடிக்கைக்குக் காரணமாகாது. தீய நோக்கம் தனி விசாரணையில் நிறுவப்பட்ட பின்னரே நடவடிக்கை எடுக்கலாம்." இதை நாங்கள் புதிதாக எழுதவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன் 14ஆவது பிரிவில் இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒரே வளாகத்தில் பாலியல் புகாருக்கு ஒரு நீதி, சாதிப் புகாருக்கு வேறு நீதியா என்ற கேள்விக்கு யுஜிசியிடம் பதில் இருக்க முடியாது.

மாற்றுக் கோரிக்கை வைப்பது சமரசம் என்று சில தோழர்கள் கோபிப்பார்கள். எங்கள் குழுவிலேயே இதில் சண்டை நடந்தது. "வேண்டாம்" என்று மட்டும் எழுதிவிட்டு, அவர்கள் "வேண்டும்" என்று முடிவெடுத்த பிறகு எந்தச் சொற்களில் எழுதுவது என்பதை அவர்கள் கையிலேயே விடுவது எந்தக் கொள்கை என்று எங்களுக்குப் புரியவில்லை.

கருத்து 4. சமத்துவக் குழு

நிறுவனத்தின் தலைவரே குழுவின் தலைவர். மாணவர்கள் இருவர், ஆனால் "சிறப்பு அழைப்பாளர்கள்". பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குப் "பிரதிநிதித்துவம்" என்று இருக்கிறதே தவிர எத்தனை பேர் என்று இல்லை. எண்ணிக்கை சொல்லாத பிரதிநிதித்துவத்தை ஒரே ஒரு பேராசிரியரை உட்கார வைத்து நிறைவேற்றிவிடலாம். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் உறுப்பினர் போதும், இரண்டு கட்டங்களில் டிக் அடித்துவிடுவார்கள்.

பரிந்துரை: "நிறுவனத்தில் பணிபுரியாத ஒருவர் குழுவின் தலைவராக இருப்பார்" என்று மாற்றுக. "சிறப்பு அழைப்பாளர்கள்" என்பதை "வாக்குரிமையுள்ள உறுப்பினர்கள்" என்று மாற்றுக. "உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதோர் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர். ஒரே நபர் ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவின் பிரதிநிதியாகக் கணக்கிடப்பட மாட்டார்" என்று சேர்க்க.

மொழி பற்றிக் கேட்கிறீர்கள். வரைவு ஆங்கிலத்தில் வந்தாலும் தமிழில் கருத்து அனுப்பலாம். குறைதீர்க்கக் கோரும் முறையீட்டை இந்தியாவில் வழங்கும் எந்த மொழியிலும் ஒன்றிய அரசின் எந்த அதிகாரிக்கும் தரலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு சொல்கிறது. காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். பரிந்துரைக்கும் வாசகத்தை மட்டும் ஆங்கிலத்திலும் சேர்த்துக் கொடுங்கள். மாற்றப்படப் போகும் விதி ஆங்கிலத்தில் இருக்கிறது, நம் சொல்லை அவர்கள் மொழிபெயர்க்க விட்டால் "பகுதியாகவோ" காணாமல் போகலாம்.

அனுப்பிய மின்னஞ்சலையும் தேதியையும் பத்திரமாக வையுங்கள். வரைவுச் சட்டங்களையும் விதிகளையும் குறைந்தது 30 நாள் மக்கள் முன் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று ஒன்றிய அரசே 2014இல் ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. சுருக்கம் வெளிவராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மூன்றே கேள்விகள் கேளுங்கள். பிரிவு வாரியாகத் தொகுத்த கருத்துகளின் நகல் வேண்டும். பிரிவு 3(சி) பற்றிய கோப்புக் குறிப்புகளின் நகல் வேண்டும். எங்கள் கருத்து எண் 1 எந்தக் காரணத்தால் ஏற்கப்பட்டது அல்லது மறுக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்த பக்கத்தின் நகல் வேண்டும். "ஏன் ஏற்கவில்லை?" என்று கேட்டால் விளக்கம் தருவது எங்கள் வேலையல்ல என்று திருப்பி அனுப்புவார்கள். பக்கத்தின் நகல் என்று கேட்டால் தர வேண்டும், அல்லது அப்படி ஒரு பக்கம் இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எழுத்து அடுத்த வழக்கில் நமக்கு உதவும்.